நல்லதண்ணிப் படிப்பாதையில் சிகரட் கட்டையும் சுவிங்கமும்: மழைக்கு முந்தி எப்படி அள்ளுவது?

நல்லதண்ணித் தம்பி எழுதியது:

வணக்கம். சிவனொளிபாதமலைக்கு ஏறும் பாதையில் எங்கள் வீட்டாருக்கு ஒரு தேத்தண்ணிக் கடை இருக்கிறது. டிசம்பர் பொயாவில் திறந்தால் வெசாக் பொயா வரைக்கும் இரவு பகலாக ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். கடை வாசலில் சிகரட் கட்டை போடட்டும் என்று பிஸ்கட் டின்னில் மணல் நிரப்பி வைத்தேன். ஆட்களும் ஒழுங்காகத்தான் போட்டார்கள். போன கிழமை பின்னேரம் மழை கொட்டியது. காலையில் போய்ப் பார்த்தால் டின் வாய்வரைக்கும் தண்ணீர், கறுத்த கோப்பி நிறத்தில். விளிம்பால் வழிந்து கானுக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கான் கீழே ஓடைக்குப் போகிறது. ஓடையில்தான் எங்கள் லயத்துப் பிள்ளைகள் குளிக்கிற பீலி இருக்கிறது.

ஒரு இடத்தில் சேர்த்து வைத்து நானே மொத்தமாக ஓடைக்குள் விட்டுவிட்டேனே என்று மனது சரியில்லை. இரண்டு கேள்வி. கட்டையை மழை நனைக்காமல் எப்படிச் சேர்ப்பது? படிகளில் ஒட்டிக் கிடக்கிற சுவிங்கத்தை எப்படி எடுப்பது, எங்கே போடுவது?

பொகவந்தலாவை ராஜா எழுதியது:

தம்பி, கவலைப்படாதீங்க. பில்டர் என்பது பஞ்சுதான். பஞ்சு மரத்தில் வருகிற சாமான், மண்ணில் கிடந்தால் மக்கிவிடும். தண்ணீர்ப் போத்தலும் லன்ச் சீட்டும்தான் நூறு வருசம் கிடக்கும். முதலில் அதைப் பொறுக்குங்கள்.

ஹட்டன் டீச்சர் எழுதியது:

ராஜா அண்ணன் சொன்னதில் பாதி சரி. மரக்கூழில் இருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் அதை அசிட்டிக் அன்ஹைட்ரைட்டோடு சேர்த்து வேலை செய்து செலுலோஸ் அசிட்டேட் ஆக்கிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அது பிளாஸ்டிக். பருத்தியையும் இலையையும் தின்கிற கிருமிகளுக்கு அதை அப்படியே தின்ன முடியாது. மேலே ஒட்டியிருக்கிற அசிட்டைல் கூட்டங்கள் கழன்றால்தான் அவற்றுக்குப் பிடி கிடைக்கும், அது மிக மெதுவாக நடக்கிற அலுவல். வெயில் பட்டால் நூல் நூலாகப் பிய்ந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும். அதைத்தான் மக்கிவிட்டது என்று நினைக்கிறோம். ஒரு பில்டரில் அப்படி 12,000க்கும் மேல் மெல்லிய நூல்கள் இருக்கின்றன.

என் பேச்சை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். வகுப்பில் இதைச் செய்து காட்டுவேன். புகைக்காத புது சிகரட் ஒன்றின் பில்டரைப் பிரித்து, சுற்றியிருக்கிற தாளை எடுத்துவிடுங்கள். இரண்டு கண்ணாடிக் கோப்பைகளில் நகப்பூச்சு அழிக்கிற திராவகம் கொஞ்சம், அசிட்டோன் உள்ள வகையாக இருக்க வேண்டும். ஒரு கோப்பையில் மருந்துப் பஞ்சு, இன்னொன்றில் பில்டர். பஞ்சு நனையும், எடுத்துப் பிழிந்தால் பஞ்சாகவே இருக்கும். பில்டர் சுருண்டு, வழுவழுவென்று பசையாகிக் கரைந்துவிடும். அடுப்பும் விளக்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது, அசிட்டோன் சட்டென்று பற்றிக்கொள்ளும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

சுவிங்கமும் இதே கதைதான். ஒரு காலத்தில் சப்போட்டா வகை மரத்துப் பாலில் செய்தார்கள். இப்போது பெட்டியில் 'கம் பேஸ்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அதற்குள் பெரும்பாலும் இருப்பது பொலிஐசோபியூட்டிலீன், பொலிவைனல் அசிட்டேட் மாதிரியான சாமான்கள். முதலாவது டியூபுக்குப் போடுகிற ரப்பரின் உறவு, இரண்டாவது மரவேலைப் பசையில் இருப்பது. சீனி கரைந்த பிறகு வாயில் மிஞ்சுகிறதே, அதுதான் அது.

ஓட்டோ செல்வம் எழுதியது:

நான் புகைக்கிறவன், உள்ளதைச் சொல்கிறேன். சவாரி வந்ததும் கையில் இருப்பதை அப்படியே காலடியில் போட்டு மிதித்துவிட்டு ஏறுவேன். கடுதாசியை ரோட்டில் போட எனக்கே கூச்சம் வரும், கட்டையைப் போட வரவில்லை. அது குப்பை என்றே தோன்றாது. பிளாஸ்டிக் என்று இப்போதுதான் தெரியும். பீடியும் அப்படியா டீச்சர்?

ஹட்டன் டீச்சர் எழுதியது:

இல்லை தம்பி. பீடியில் பில்டர் இல்லை, இலையும் புகையிலையும் நூலும்தான். அதில் பிளாஸ்டிக் கவலை இல்லை. ஆனால் புகையிலையில் இருக்கிற நிக்கொட்டின் அதிலும் தண்ணீருக்குள் இறங்கும்.

தண்ணீர் என்றதும் நல்லதண்ணித் தம்பிக்கு முக்கியமான ஒன்று. 2011இல் அமெரிக்காவில், சான் டியாகோவில் ஒரு சோதனை செய்தார்கள். புகைத்த கட்டை ஒன்றை ஒரு லீட்டர் தண்ணீரில் ஊற வைத்தால் வருகிற சாறு எவ்வளவோ, அந்த அளவிலேயே சோதனைக்கு விட்ட மீன்களில் பாதி 4 நாட்களுக்குள் செத்தன. புகையிலையை நீக்கி வெறும் பில்டரை ஊற வைத்தபோதும் செத்தன, கூடுதல் கட்டை தேவைப்பட்டது, அவ்வளவுதான். பிறகு 2014இல் பெர்லினில் மழைத்தண்ணீரை வைத்துப் பார்த்தார்கள். கட்டையில் இருந்து இறங்கக்கூடிய நிக்கொட்டினில் ஏறக்குறைய பாதி முதல் மழையிலேயே இறங்கிவிட்டது.

ஆகவே மழை பெய்து முடிந்த பிறகு நீங்கள் பொறுக்குவது பாதி சாறு போன கட்டை. பிளாஸ்டிக்கை எடுக்கிறீர்கள், நஞ்சு முன்னமே ஓடைக்குப் போய்விட்டது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் நம் பக்கம் மழை பெரும்பாலும் பின்னேரம்தான் இடியோடு வரும். பின்னேரம் கூட்டுவதை விட்டு, பகல் 12 மணிக்குள் கூட்டுங்கள். இரவில் ஏறினவர்கள் விடிந்து இறங்கி முடிகிற நேரமும் அதுதானே.

கந்தப்பளை மரக்கறித் தோட்டம் எழுதியது:

அந்தக் கறுத்த தண்ணீரை ஏன் வீணாக்க வேண்டும்? புகையிலைக் கசாயம் பூச்சி மருந்துதானே. எங்கள் அப்பா காலத்தில் புகையிலையைக் காய்ச்சி அடிப்பார்கள். கறிமிளகாயில் அசுவுணி வந்து கிடக்கிறது, தம்பி டின்னை எனக்குத் தந்தால் நான் அடித்துப் பார்க்கிறேன்.

ஹட்டன் டீச்சர் எழுதியது:

தயவுசெய்து வேண்டாம் ஐயா. நிக்கொட்டின் பூச்சியைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் இது எரிந்த கட்டையின் சாறு, தாரும் கட்மியம் மாதிரியான உலோகங்களும் சேர்ந்தது. தெளிக்கிறபோது கையிலும் முதுகிலும் வழிந்தால் தோலாலேயே உள்ளே போகும்.

விவசாய டிப்ளோமாக்காரி எழுதியது:

இன்னொரு காரணமும் இருக்கிறது ஐயா, உங்களுக்கு இதுதான் பெரிய நட்டம். புகையிலை மொசைக் வைரசு என்று ஒன்று. காய்ந்த புகையிலையிலும் உயிரோடு இருக்கும், சிகரட்டிலும் இருக்கலாம். தக்காளி, கறிமிளகாய் இரண்டுக்கும் தொற்றும். இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத்திட்டாக வரும், நுனி சுருங்கும். வந்த செடிக்கு மருந்து இல்லை, பிடுங்கத்தான் வேண்டும். அதனால்தான் நாற்று மேடையில் வேலை செய்கிறவர்களைப் புகைத்த கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வரச் சொல்கிறோம். கசாயமாகவே ஊற்றினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

கந்தப்பளை மரக்கறித் தோட்டம் எழுதியது:

சரி பிள்ளை, விளங்கிவிட்டது. போன வருசம் ஒரு பாத்தியில் நீங்கள் சொன்ன மாதிரித் திட்டு இலை கண்டேன், உரக் குறைவு என்று நினைத்துவிட்டேன். கூலிக்கு வந்தவர் வாயில் சிகரட்டோடுதான் நாற்று நட்டார். அதுவா என்று இப்போது எப்படிச் சொல்ல.

பண்டாரவளை அம்மா எழுதியது:

மகன் பள்ளிக்கூடத்து வெள்ளைக் காற்சட்டையில் சுவிங்கம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறான். பஸ் சீட்டில் யாரோ ஒட்டி வைத்தது. சுடுதண்ணீரில் போட்டேன், இன்னும் பரவிவிட்டது. என்ன செய்யலாம்?

ஹப்புத்தளை அக்கா எழுதியது:

அம்மா, சுடுதண்ணீர் அதை இளக்கிவிடும். காற்சட்டையைப் பொலித்தீன் பையில் சுற்றி பிரிஜ் ஐஸ் பெட்டியில் ஒரு மணித்தியாலம் வையுங்கள். எடுத்த உடனே கரண்டிக் காம்பால் தட்டினால் சில்லு சில்லாகக் கழரும். ஏற்கனவே நூலுக்குள் பரவினது முழுதும் வராது.

தம்பியின் படிகளுக்கும் இதுதான் வழி. வெளிநாட்டு நகரங்களில் நீராவி இயந்திரத்தால் உருக்கி எடுக்கிறார்கள். நமக்கு அது எதற்கு? மலைக்குளிர் நம் பக்கம் இருக்கிறது. பகலில் வெயில் ஏறினால் சுவிங்கம் இழுபடும், தகட்டிலும் செருப்பிலும் ஒட்டும். விடிய 5 மணிக்கு, கல் சில்லிட்டுக் கிடக்கும்போது பெயின்ட் சுரண்டுகிற தகட்டைச் சரித்து அடியில் கொடுத்து ஒரே தள்ளு. டக்கென்று நாணயம் மாதிரிக் கழரும். கழராவிட்டால் ஓடைத் தண்ணீரில் நனைத்த சாக்குத் துண்டை மேலே கொஞ்ச நேரம் போட்டு வைத்துவிட்டு மறுபடி தள்ளுங்கள். கழன்ற துண்டு பறக்கும், கீழே ஈரக் கடுதாசி விரித்துக்கொள்ளுங்கள். தும்புத்தடியால் கானுக்குள் தள்ளிவிட்டால் செய்ததற்குப் பலனில்லை. கறுத்துப்போன பழசு கல்லின் துவாரத்துக்குள் இறங்கியிருக்கும், அதற்கு நாங்களும் இன்னும் வழி காணவில்லை.

நாங்கள் 6 பேர் ஒரு ரயில் நிலையத்தில் செய்ததைச் சொல்கிறேன், தம்பிக்கு உதவும். முதல் ஞாயிறு நாங்கள் பொறுக்கவில்லை, வெள்ளைக் கட்டியால் ஒவ்வொரு கட்டையையும் சுற்றி வட்டம் போட்டோம். அரை மணித்தியாலம் போட்டு முடித்துவிட்டு எழுந்து பார்த்தால், மேடை முழுக்கப் பரவிக் கிடப்பதாக நாங்கள் நினைத்தது தப்பு. வட்டங்கள் மூன்று இடத்தில் குவிந்து கிடந்தன. வாசல் படியின் கடைசி இரண்டு படி, டிக்கட் ஜன்னலுக்கு வெளிப்பக்கம், மேடைக் கூரை முடிகிற முனை. மூன்றும் புகைக்கிறவர் கையில் இருப்பதை விட்டுத்தான் ஆக வேண்டும் என்கிற இடம். ஏற்கனவே இருந்த குப்பைத் தொட்டி இதில் எதிலும் இல்லை, அது மேடையின் நடுவில் இருந்தது.

4 லீட்டர் பெயின்ட் டின் மூன்று எடுத்தோம். அடியில் ஓட்டை போடவில்லை. மூடியை இறுக்கி, பக்கவாட்டில், மேலிருந்து இரண்டு விரல் கீழே, பெருவிரல் நுழைகிற அளவுக்கு ஒரே ஓட்டை. பெரிய ஓட்டை போட்டால் வடை சுற்றின தாளும் வெற்றிலைத் துப்பலும் வந்துவிடும், தாள் சேர்ந்தால் நெருப்பு பிடிக்கும். ஓட்டைக்கு மேல் தகரத்தை வெட்டி ஒரு சிறு தாழ்வாரம், மழைச்சாரலுக்கு. பக்கத்தில் நெருப்பை உரசி அணைக்க ஒரு கருங்கல் துண்டு கம்பியால் கட்டினோம். டின் மூடியிருப்பதால் கொஞ்சம் கனன்றாலும் காற்றில்லாமல் அணைந்துவிடும். மணலும் இல்லை, தண்ணீரும் இல்லை. மணல் போட்டால் மணலும் சேர்ந்து நஞ்சுக் கழிவாகிவிடும், பிரிக்க முடியாது. தண்ணீர் போட்டால் அதை யாரோ ஒருவர் எங்கேயோ ஊற்றித்தானே ஆக வேண்டும்.

இரண்டாம் ஞாயிறு 214 கட்டை டின்களுக்குள், 160 வெளியே. கூரை முனை டின்னில் மட்டும் ஒன்பதுதான். நின்று பார்த்தோம். ஆட்கள் கடைசி இழுப்பை இழுத்துக்கொண்டே டின்னைத் தாண்டி நான்கு அடி நடக்கிறார்கள், பிறகுதான் போடுகிறார்கள். டின்னை அந்த நான்கு அடி தள்ளிக் கட்டினோம். நாலாம் ஞாயிறு வெளியே கிடந்தது 57. அதற்குக் கீழே இறங்கவில்லை, ரயில் ஜன்னலால் எறிகிறவர்களை டின் என்ன செய்யும்.

ஓட்டோ செல்வம் எழுதியது:

அக்கா, ஓட்டோவுக்குள் நான் தொண்டை மிட்டாய் டின் ஒன்று வைத்திருக்கிறேன், இந்த இழையைப் படித்த பிறகு. ஸ்டாண்டில் நாலு பேர் கேட்டார்கள். மூடி இறுக்கமாக இருந்தால் மணமும் இல்லை. இறுக்கம் இல்லாத டின் என்றால் வண்டி நாறும், சவாரி முகம் சுளிக்கும்.

தோட்டத்து மருந்தாளர் எழுதியது:

எல்லாரும் நல்ல மனதோடு செய்கிறீர்கள், ஆனால் எனக்கு உடன்பாடில்லை. டின் கட்டித் தொங்கவிட்டால் இங்கே புகைக்கலாம் என்று சொல்கிற மாதிரி. 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டம் மூடிய பொது இடங்களில் புகைப்பதைத் தடுத்திருக்கிறது. ரயில் நிலையத்து டிக்கட் ஜன்னலடியில் டின் வைப்பது எந்த விதத்தில் சரி? பில்டரால் உடம்புக்கு நன்மை என்பதே நிரூபிக்கப்படவில்லை, 2022இல் உலக சுகாதார நிறுவனம் பில்டரையே தடை செய்வது பற்றி யோசிக்கச் சொன்னது. வேரை விட்டு இலையைப் பொறுக்குகிறோம்.

ஹப்புத்தளை அக்கா எழுதியது:

சேர், டிக்கட் ஜன்னல் டின் பற்றி நீங்கள் சொல்வது நியாயம். அதை வெளி மதில் பக்கம் மாற்றிவிடுகிறேன். ஆனால் மற்ற இரண்டையும் எடுக்க மாட்டேன். தடை வருகிற நாள்வரை என் ஓடைக்கு யார் பொறுப்பு? ஐரோப்பாவில் 2023இல் இருந்து கட்டை பொறுக்குகிற செலவை சிகரட் கம்பனிகளே கொடுக்க வேண்டும் என்று சட்டம் செய்திருக்கிறார்கள். இங்கே அது வரவில்லை, 6 பேரும் கையுறையை எங்கள் காசில்தான் வாங்குகிறோம்.

பொகவந்தலாவை ராஜா எழுதியது:

டீச்சர், மகளின் நகப்பூச்சுத் திராவகத்தில் போட்டுப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் பில்டர் பசைக்கஞ்சி மாதிரி ஆகிவிட்டது. பஞ்சு அப்படியே இருக்கிறது. நான் முதலில் எழுதியது பிழை. கோப்பைக்கடியில் காய்ந்த பிறகு கண்ணாடித்தாள் மாதிரி ஒரு படலம், நகத்தால் உரித்தால் வருகிறது. மகள் அதைக் கொப்பிக்குள் ஒட்டி வைத்திருக்கிறாள்.

ஒன்று கேட்க வேண்டும். சேர்த்த கட்டையை எரித்தால் என்ன?

ஹட்டன் டீச்சர் எழுதியது:

திறந்த வெளியில் எரிக்காதீர்கள் அண்ணன். புளித்த வினாகிரி மணம் வரும், அது அசிட்டேட்டில் இருந்து வருவது. அதோடு தார், உலோகம் எல்லாம் புகையில், சாம்பலில். குழி வெட்டிப் புதைத்தால் மழை உள்ளே இறங்கி ஊற்றுக்குப் போகும். உரக்குழிக்குள்ளும் வேண்டாம்.

டில்லிக்குப் பக்கத்து நொய்டாவில் கட்டையை வாங்கித் தாளையும் புகையிலையையும் பிரித்து, பில்டர் நூலைக் கழுவி, பொம்மைக்குள் அடைக்கிற பஞ்சாக்குகிறார்கள். அந்த மாதிரி ஒரு இடம் மலையகத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. புத்தளத்து சிமெந்துச் சூளையில் ஆலைக் கழிவுகளை மிகுந்த சூட்டில் எரிக்கிற ஏற்பாடு உண்டு. ஆனால் அது லொறிக் கணக்கு. நம்முடையதோ ஆயிரம் கட்டை சேர்த்தாலும் கால் கிலோவுக்குக் கிட்டத்தான் வரும்.

ஹப்புத்தளை அக்கா எழுதியது:

நாங்கள் காயவைத்து, மூடி உள்ள நீலப் பீப்பாவில் போட்டு, கூரைக்கடியில் வைத்திருக்கிறோம். வருசம் ஒன்றாகப் போகிறது. குப்பை டிரக்டரிடம் கொடுத்தால் திறந்த மேட்டில் கொட்டுவார்கள், மழையில் நனையும். கொடுக்க மனம் வரவில்லை. யாராவது தோட்டக் கம்பனிகள் தங்கள் கழிவோடு சேர்த்து சூளைக்கு அனுப்புமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் வரவில்லை.

நல்லதண்ணித் தம்பி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன்.

மணல் டின்னை எடுத்துவிட்டேன். அக்கா சொன்ன மாதிரி வெள்ளைக் கட்டியால் வட்டம் போட்டேன். கடை வாசலில் அல்ல, கடைக்கு மேலே பதினோராவது படியில்தான் அதிகம். அங்கே பாதை திரும்புகிறது, மலை உச்சி விளக்குகள் முதல்முறையாகத் தெரிகிற இடம். ஏறுகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுக் கையில் இருப்பதைப் போட்டுக் கும்பிடுகிறார்கள். டின் இப்போது அங்கே இருக்கிறது.

சுவிங்கத்துக்கு வேறாக ஒரு சின்ன டின். ஒரே டின்னில் போட்டபோது கட்டையோடு ஒட்டி ஒரே உருண்டையாகிவிட்டது, கொட்ட முடியவில்லை. வடை சுற்றுகிற கடுதாசியைச் சின்னச் சதுரமாக வெட்டி நூலில் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறேன், சுற்றிப் போடுகிறார்கள். விடியப்புறம் தகட்டால் தள்ளியதில் 38 படி சுத்தம். கறுத்த பழசு அப்படியே இருக்கிறது.

முந்தாநாள் பகல் ஒன்றரைக்கே மழை வந்துவிட்டது, நான் பன்னிரண்டுக்கே கூட்டி முடித்திருந்தேன். கான் தண்ணீர் மண் நிறத்தில்தான் ஓடியது. டின்னைத் திறந்து பார்த்தேன், உள்ளே காய்ந்து கிடந்தது. ஆனால் பாதைக்குக் கீழ்ப்பக்கம், சீதகங்குல என்கிற ஓடைக்கு இந்தப் பக்கம், இன்னும் யாரும் டின் வைக்கவில்லை. அங்கே கடை போட்டிருக்கிற மாமாவிடம் நாளைக்குப் போய்ப் பேச வேண்டும். அக்கா, உங்கள் நீலப் பீப்பாவில் இடம் இருக்கிறதா? பஸ்ஸில் கொண்டுவந்து தருகிறேன், மூடி இறுக்கித்தான்.

ஹப்புத்தளை அக்கா எழுதியது:

இருக்கிறது தம்பி. காயவைத்துக் கொண்டுவாருங்கள். முக்கால் பீப்பா நிறைந்துவிட்டது, அதற்குப் பிறகு எங்கே என்று எனக்கும் தெரியவில்லை.